ஒரிஜினல் சான்றிதழ் கையில் இல்லாதபோது எச்ஆரிடம் கேட்க வேண்டியது

கேள்வி: இன்ஜினியரிங் முடிச்சாச்சு. ஃபீஸ் பாக்கின்னு ஒரிஜினல் எல்லாத்தையும் காலேஜ்ல வச்சிருக்காங்க. கோயம்புத்தூர்ல வேலை கிடைச்சிருக்கு. ஒரிஜினலுக்குப் பதிலா எதை ஏத்துக்குவாங்கன்னு எச்ஆர்கிட்ட எப்படிக் கேக்கறது?

கோவையில் ஆளெடுக்கும் வேலையில்தான் இருக்கிறேன். ஆஃபருக்குச் சம்மதம் சொல்லும் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள். சேருகிற அன்றைக்கு உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு விதியைத் தளர்த்தும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. முன்னாலேயே தெரிந்தால் மேலே பேசி அனுமதி வாங்கி வைப்போம்.

"ஒரிஜினல் இல்லைன்னா பரவாயில்லைங்களா?" என்று மட்டும் கேட்டால் "கொண்டு வாங்க" என்றுதான் பதில் வரும். இரண்டு விஷயத்தைப் பிரித்துக் கேளுங்கள். ஒரிஜினலைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவீர்களா, அப்படியானால் டிஜிலாக்கர் பிரதி போதுமா? படிப்பைச் சரிபார்ப்பது கல்லூரி வழியாகவா, பல்கலைக்கழகம் வழியாகவா?

இரண்டாவது கேள்விதான் முக்கியம். சரிபார்க்கும் ஏஜென்சிக்குப் பதிவு எண்ணும் மதிப்பெண் பட்டியல் நகலும் இருந்தால் பொதுவாகப் போதும். ஆனால் உங்களோடு பணத் தகராறில் இருக்கும் கல்லூரிக்கே அவர்கள் எழுதினால் பதில் வராமல் இழுக்கும். இணைப்புக் கல்லூரி என்றால் பட்டம் தருவது பல்கலைக்கழகம். அதனால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் சரிபார்க்கச் சொல்லி வெளிப்படையாகக் கேளுங்கள்.

பெருந்துறைப் பக்கத்துத் தம்பி ஒருவருக்கு இதே நிலை. பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல்களை டிஜிலாக்கரில் எடுத்தார். அதில் Issued பகுதியில் வருவதுதான் செல்லும். நாமே ஸ்கேன் செய்து ஏற்றியது வெறும் நகல். செமஸ்டர் பட்டியல்களின் நகலில் கையெழுத்திட்டுத் தந்தார். சான்றிதழ்கள் தங்களிடம் இருப்பதாகக் கல்லூரி எழுதித் தர மறுத்துவிட்டது. அப்படிப் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே அறிவித்திருக்கிறது, பிறகு எப்படி எழுதித் தருவார்கள்? அவர் சான்றிதழ்களைத் திருப்பிக் கேட்டு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பி, கடித நகலையும் கையெழுத்தாகி வந்த அட்டையையும் எங்களிடம் கொடுத்தார். மூன்று மாதத்தில் ஒரிஜினலைக் காட்டுவதாக உறுதிமொழியும் எழுதி வாங்கிக்கொண்டு சேர்த்துக்கொண்டோம். எல்லா கம்பெனியும் இதை ஏற்கும் என்று சொல்ல மாட்டேன். அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் பொதுவாக ஒரிஜினலே வேண்டும்.

அப்புறம், "தொலைஞ்சு போச்சுன்னு போலீஸ்ல எழுதிக் கொடுத்து டூப்ளிகேட் வாங்கிடு" என்று யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கல்லூரியில் இருப்பது தெரிந்தே தொலைந்தது என்று சொல்வது பொய்ப் புகார். சரிபார்ப்பில் அது வெளியே வந்தால், சான்றிதழ் இல்லை என்பதற்காகப் போகாத வேலை அதற்காகப் போய்விடும்.