தட்டில் ஓடிய பால் துளி

கேள்வி: இரண்டு கலப்பின மாடுகள் வைத்து வீடுகளுக்குப் பால் ஊற்றுகிறேன். ஒரு வாடிக்கையாளர் அம்மா எவர்சில்வர் தட்டில் துளி விட்டுப் பார்த்து, தண்ணீர் கலந்திருக்கிறது என்கிறார். பாட்டிலில் குலுக்கினால் நுரைக்கிறதாம், சோப்பும் இருக்கிறதாம். நான் எதையும் கலக்கவில்லை. இந்தச் சோதனைகளை நம்பலாமா?

பதில்: அந்த அம்மா செய்ததில் பலவீனமானது துளிச் சோதனைதான். சரிவான பளபளப்புப் பரப்பில் சுத்தமான பால் வெண்தடம் விட்டு மெதுவாக இறங்கும், தண்ணீர்ப் பால் தடமில்லாமல் ஓடும் என்பது கணக்கு. ஆனால் கொழுப்பு சுமார் 3.5 சதவீதமே உள்ள கலப்பின மாட்டுப் பாலை, கெட்டியான எருமைப்பால் குடித்துப் பழகியவர் பார்த்தால் அது ஓடுகிற பாலாகத்தான் தெரியும். தட்டின் சாய்வும், அதில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கும், பாலின் சூடும் முடிவை மாற்றிவிடும்.

அவர் எதிரிலேயே ஒப்பிட்டுக் காட்டுங்கள். ஒரு டம்ளரில் உங்கள் பால், இன்னொன்றில் அதே பால் ஒன்பது கரண்டியுடன் தண்ணீர் ஒரு கரண்டி. ஒரே தட்டில் அருகருகே இரண்டையும் விடுங்கள். பத்தில் ஒரு பங்குத் தண்ணீரையே கண் பிரித்தறியத் திணறுவதை அவரே பார்ப்பார். இதற்குப் பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டர் மேல். கலப்பில்லாத பசும்பால் பொதுவாக 28 முதல் 32 வரை காட்டும். பத்து சதவீதத் தண்ணீர் சுமார் மூன்று புள்ளி குறைக்கும். கறந்த சூட்டில் பார்க்காதீர்கள். சூடும் உள்ளே சிக்கிய காற்றும் அளவைக் குறைத்துக் காட்டும். ஆறவிட்டு, கருவியில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையில் பாருங்கள். அப்படியும் மாவோ சர்க்கரையோ சேர்த்து அளவை ஏற்றியவரை அது பிடிக்காது.

மாவைப் பிடிக்க அயோடின் இருக்கிறது. துளி, நுரை, அயோடின் மூன்றில் இதுதான் நம்பகமானது. இரண்டு மூன்று மில்லி பாலைக் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறியபின் மருந்துக் கடையில் கிடைக்கும் டிங்சர் அயோடின் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். நீலமானால் மாவு உண்டு. மஞ்சளோ இளம்பழுப்போ ஆனால் இல்லை. சூட்டில் விட்டால் நீலம் தோன்றாமல் ஏமாற்றும். சோறு வடித்த பாத்திரத்தைச் சரியாகக் கழுவாமல் அதில் சோதித்தாலும் நீலம் வந்துவிடும், கவனம். சோதித்த பாலைக் கொட்டிவிடுங்கள்.

நுரை விஷயத்தில் அந்த அம்மா அவசரப்பட்டுவிட்டார். பாலில் உள்ள புரதமே நுரைக்கும். பாலும் தண்ணீரும் சம அளவு சேர்த்துக் குலுக்கினால் சுத்தமான பாலில் மெல்லிய ஏடுபோல நுரை நிற்கும். சோப்புத்தூள் இருந்தால் அடர்ந்து திரண்டு நிற்கும். இதற்கும் ஒரு சிட்டிகைத் தூள் போட்ட பாலை ஒப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த கலப்பு இதில் தெரியாது.

அடர்ந்த நுரை உங்கள் பாலிலேயே வந்தால், முதலில் கறவைப் பாத்திரத்தைப் பாருங்கள். தேய்த்த தூள் விளிம்பு மடிப்பில் தங்கியிருக்கும். பத்து லிட்டர் வாளியில் அலசிய நீர் 200 மில்லி நின்றாலே, நீங்கள் கலக்காமலே இரண்டு சதவீதத் தண்ணீர் சேர்ந்துவிடும். கழுவி, கவிழ்த்து, ஈரம் வடிந்தபின் கறக்கவும்.