உடைந்த கையைப் படத்தில் சேர்ப்பது எப்படி, சேர்த்ததைச் சொல்வது எப்படி

கேள்வி: எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் கோஷ்டத்தில் உள்ள கல் விஷ்ணுவை, தாத்தா காலத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது. அதிலேயே பின் வலக்கை முழங்கைக்கு மேல் உடைந்திருக்கிறது. தலவரலாற்று நூலுக்காகக் கையையும் சக்கரத்தையும் கணினியில் வரைந்து சேர்க்கலாமா? சேர்த்தால் எப்படிக் குறிப்பிடுவது?

பதில்: சேர்க்கலாம். ஆனால் மென்பொருளைத் திறக்கும் முன் சிலையைப் போய்ப் பாருங்கள். சிலை இன்னும் அதே கோஷ்டத்தில் இருப்பது உங்களுக்குப் பெரிய வசதி. நேராக ஒளி அடிக்காமல், டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். உடைந்த இடத்தின் மேடுபள்ளம் அப்போதுதான் நிழலாக எழும்பும். கல்லில் தூக்கிய கையைச் சிற்பி அந்தரத்தில் விடமாட்டார். உடைந்துவிடாமல் இருக்க, கைக்கும் தோளுக்கும் அல்லது பின்சுவருக்கும் இடையே கொஞ்சம் கல்லை விட்டுவைப்பார். கை போனாலும் அந்த இணைப்பு ஒட்டியிருந்த இடத்தில் கரடுமுரடான தழும்பு நிற்கும். மகுடத்தின் வலப்பக்கத்திலும் பின்சுவரிலும் அதைத் தேடுங்கள். தழும்பு கிடைத்தால் முன்கை எவ்வளவு உயரம் போனது, சக்கரம் ஏறத்தாழ எங்கே நின்றது என்பது தெரிந்துவிடும்.

பழைய படத்திலும் ஒன்றைச் சரிபாருங்கள். சில ‘உடைவுகள்’ சிலையில் இல்லை, காகிதத்தில்தான் இருக்கும். படத்தாளின் கீறல் சிலையையும் பின்னணியையும் பாராமல் ஒரே போக்கில் ஓடும். கல்லின் உடைவு சிலையின் உருவத்தோடு நின்றுவிடும், அதற்கென்று ஒரு நிழலும் இருக்கும். கீறலைத் துடைப்பது படத்தைப் பழுதுபார்ப்பது, கையை வரைவது சிலையை ஊகிப்பது. இரண்டையும் தனித்தனி லேயரில் வையுங்கள், ஒன்றாகக் கலக்க வேண்டாம்.

இனி உங்கள் விஷ்ணுவுக்கு வருவோம். பின் இடக்கையில் சங்கு தெளிவாக இருந்து, முன் வலக்கை அபயத்திலும் முன் இடக்கை இடுப்பிலும் இருந்தால், உடைந்த கையில் இருந்தது சக்கரம் என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் எந்த மாதிரிச் சக்கரம்? வட்டம் முழுதாக நம்மைப் பார்த்து நின்றதா, எறியப்போவதுபோல விளிம்பு தெரியத் திரும்பியிருந்ததா? விளிம்பில் தீச்சுடர்கள் இருந்தனவா? இதெல்லாம் காலத்துக்குக் காலம் மாறும். பல்லவர் காலச் சிற்பங்களில் சங்கு சக்கரத்துக்குப் பெரும்பாலும் சுடர் கிடையாது, சோழர் காலத்தில் சுடர்கள் வருகின்றன. மிஞ்சியிருக்கும் சங்கைத்தான் முதலில் கேட்க வேண்டும். சங்கில் சுடர் இருந்தால் சக்கரத்திலும் இருந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். அப்புறம், அதே கோயிலிலோ அருகிலோ அதே காலத்து விஷ்ணு இருந்தால் அதைப் பார்க்கலாம். நூற்றாண்டுகள் கழித்து வார்த்த உற்சவரைப் பார்த்து மூலக் கல்சிலைக்குச் சக்கரம் வரையாதீர்கள். அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

பழகிய கண்ணும் ஏமாறும் என்பதற்கு ரோம் நகரின் லாவோகூன் சிலை நல்ல சாட்சி. 1506-இல் மண்ணிலிருந்து எடுத்தபோது அதற்கு வலக்கை இல்லை. மேல்நோக்கி நீட்டிய கை ஒன்றைச் செய்து பொருத்தினார்கள், அப்படியே நூற்றாண்டுகள் பார்த்தும் பழகிவிட்டார்கள். 1906-இல் லுட்விக் போலாக் என்ற ஆய்வாளர் ரோமில் ஒரு கல் துண்டைக் கண்டெடுத்தார். அது தோளை நோக்கி மடங்கிய கை. அதுவே சிலையின் உண்மையான கை என்று பின்னர் ஏற்றுக்கொண்டு, 1950-களில் சிலையில் சேர்த்தார்கள். நீட்டிய கையைச் செய்தவர்களும் தேர்ந்த சிற்பிகள்தான்.

வரையும்போது பலரும் எடுக்கும் குறுக்குவழி, இடக்கையை வெட்டிக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி ஒட்டுவது. அளவுக்கு இது உதவும், ஆனால் வெளிக்கோட்டுக்கு மட்டும்தான். ஒளி இடப்பக்கத்திலிருந்து விழுந்திருந்தால், திருப்பிய கையில் அது வலப்பக்கத்திலிருந்து விழும். கூர்ந்து பார்ப்பவருக்கு உடனே உறுத்தும். கேமரா சற்றுப் பக்கவாட்டில் நின்றிருந்தால் இரண்டு தோள்களின் அகலமும் ஒன்றாக இருக்காது. சங்கைப் பிடித்த விரல்களும் சக்கரத்தைத் தாங்கிய விரல்களும் ஒரே மாதிரி இருந்தன என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

சரி, எவ்வளவு வரையலாம்? கையின் வெளிக்கோட்டுக்குத் தழும்பும் மறுகையும் ஆதாரம். சக்கரம் என்ற அடையாளத்துக்கு மற்ற மூன்று கைகளும் ஆதாரம். கடகங்கள் எத்தனை, விரல் மோதிரம் உண்டா, சக்கரத்தின் ஆரங்கள் எத்தனை என்பதற்கு எதுவும் இல்லை. அதனால் இவற்றை வரையாமல் விடுங்கள். 1964-இன் வெனிஸ் சாசனம் கட்டடங்களின் சீரமைப்பைப் பற்றிச் சொல்லும்போது, ஊகம் தொடங்கும் இடத்தில் வேலை நிற்க வேண்டும் என்கிறது. படத்தில் நமக்குக் கொஞ்சம் கூடுதல் சுதந்திரம் இருக்கிறது, ஏனென்றால் கல்லைத் தொடுவதில்லை. ஆனாலும் நகையும் ஆரமும் வரைந்துவிட்டால், பார்ப்பவர் கையைவிட அந்த நுணுக்கத்தைத்தான் நம்புவார்.

சேர்த்த பகுதி கல்போலத் தெரியவே கூடாது. படத்தின் துகள், கல்லின் சொரசொரப்பு எதையும் அதற்குக் கொடுக்காதீர்கள். சுற்றியுள்ள கல்லைவிட ஒரு படி வெளுத்த தட்டையான சாம்பல் நிறம் போதும். அதன்மேல் மெல்லிய இணைகோடுகள் போட்டு, உடைந்த விளிம்பை மூடாமல் அப்படியே தெரியவிடுங்கள். இத்தாலியில் சேதமடைந்த சுவரோவியங்களைச் சீரமைப்பவர்களிடம் இதே முறை உண்டு: தூரத்திலிருந்து பார்த்தால் உருவம் நிறைவாகத் தெரியும், கிட்டே வந்தால் கோடுகள் தெரியும். நீலமோ மஞ்சளோ பூசி வேறுபடுத்தலாம் என்று தோன்றும். உங்கள் நூல் கறுப்பு வெள்ளையில் அச்சானால் அந்த வேறுபாடு மொத்தமாக மறைந்துவிடும். நூலில் வரப்போகும் அளவிலேயே அச்சிட்டு, அதை ஒருமுறை ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். அந்த நகலிலும் எது சேர்த்தது என்று தெரிந்தால் முறை சரி. தெரியாவிட்டால் கோடுகளைத் தடிமனாக்குங்கள்.

குறிப்பைப் படத்துக்குக் கீழே மட்டும் போட்டால் போதாது. யாராவது பக்கத்தைக் கைப்பேசியில் எடுத்து, ஓரத்தை வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் குறிப்பு போய்விடும். கையை ஒட்டியே, வெட்டினால் கையும் சேர்ந்து போகும் இடத்தில், ‘மீட்டுருவாக்கம்’ என்று எழுதுங்கள். தொடாத மூலப்படத்தைப் பக்கத்திலேயே அதே அளவில் போடுங்கள். கீழே இப்படி எழுதலாம்:

“இடது: மூலப்படம். வலது: அதே படத்தில் பின் வலக்கையும் சக்கரமும் வரைந்து சேர்க்கப்பட்டவை. கையின் போக்குக்கு ஆதாரம் மகுடத்தருகே உள்ள உடைவுத் தழும்பு. சக்கரத்தின் வடிவம் ஊகம். வரைந்தவர், ஆண்டு.”

தழும்பு கிடைக்கவில்லையென்றால் அந்த வரியை எடுத்துவிட்டு, கையின் போக்கும் ஊகம் என்றே எழுதுங்கள். இதே வாசகத்தைக் கோப்பின் Description புலத்திலும் ஒட்டிவையுங்கள். பல செயலிகள் அதை அழித்துவிடும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் கல் அர்த்தநாரீஸ்வரர் திருடுபோய் ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் ஒன்றில் இருந்தது, 2014-இல் திரும்பி வந்தது. அது இந்தக் கோயிலின் சிலைதான் என்று நிறுவப் பழைய புகைப்படங்கள் கைகொடுத்தன. இப்படி ஒப்பிடும்போது சிலையின் உடைவுகளும் தேய்வுகளும்தான் அங்க அடையாளம். உங்கள் படத்தில் அந்த உடைவை மூடி, மூடியதைச் சொல்லாமல் விட்டால், நாளை உங்கள் பெருமாளைத் தேட வேண்டி வந்தால் அடையாளமே நமக்கு எதிராகப் பேசும்.

பூஜையறையில் மாட்ட முழு உருவம் வேண்டும் என்று ஊரார் கேட்டால், புகைப்படத்தில் கைவைக்காதீர்கள். ஓவியரிடம் கோட்டோவியமாக வரையச் சொல்லுங்கள், அதை யாரும் புகைப்படம் என்று எண்ணமாட்டார்கள். மூலப்படத்தின் ஸ்கேனைத் திருத்தாத டிஃப் கோப்பாகத் தனியே வைத்து, லேயர்கள் கலையாத கோப்பையும் கூடவே சேமியுங்கள். கை உடைவதற்கு முன் எடுத்த படம் யார் வீட்டிலாவது கிடைத்தால், அந்த ஒரு லேயரை மட்டும் நீக்கிவிட்டுப் புதிதாக வரையலாம்.