ஆறு லட்சம் மருத்துவச் செலவு: வீட்டின் மீது கடனா, தனிநபர் கடனா?

கேள்வி: அப்பாவுக்கு ஒரு மாதத்துக்குள் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். காப்பீடு போக 6 லட்சம் ரூபாய் குறைகிறது. எனக்கு மாதச் சம்பளம் 58,000 ரூபாய். தவணைக்கு 17,000 ரூபாய் வரை ஒதுக்க முடியும். சம்பளக் கணக்கு உள்ள வங்கி 14% வட்டியில் 4 ஆண்டுக்குத் தனிநபர் கடன் தருகிறது. அம்மா பெயரில் உள்ள வீட்டின் மீது வேறொரு வங்கி 10.5% வட்டியில் 10 ஆண்டுக்குக் கடன் தருவதாகச் சொல்கிறது. மாதத் தவணை பாதிதான் வருகிறது. அடுத்த ஆண்டு சுமார் 5 லட்சம் ரூபாய் சீட்டுப் பணம் வரக்கூடும். மொத்தத்தில் எது மலிவு?

பதில்: வட்டி விகிதத்தை மட்டும் பார்த்தால் அடமானக் கடன்தான் மலிவு. உங்களுக்குச் சொல்லப்பட்ட நிபந்தனைகளோடு அப்படியே எடுத்துக்கொண்டால், இரண்டில் அதுதான் அதிகச் செலவு பிடிக்கும். இந்த முரண்பாட்டுக்குக் காரணம் கடன் காலம். அதைச் சரிசெய்துவிட்டால் அடமானக் கடன் மறுபடியும் மலிவாகிவிடும் என்பதால், தேர்வு எந்தக் கடன் என்பதோடு முடிவதில்லை. எத்தனை மாதத்தில் அடைக்கப் போகிறீர்கள் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

முதலில் தனிநபர் கடன். 6 லட்சத்துக்கு 14% வட்டியில் 48 மாதத் தவணை 16,396 ரூபாய் வரும். நான்கு ஆண்டுகளில் கட்டும் வட்டி சுமார் 1,87,000 ரூபாய். பரிசீலனைக் கட்டணம் 2% என்று வைத்துக்கொண்டால், 18% ஜிஎஸ்டியோடு 14,160 ரூபாய். ஆக, கடன் வாங்கியதற்கான மொத்தச் செலவு ஏறத்தாழ 2,01,200 ரூபாய்.

அடமானக் கடனில் தவணை 8,096 ரூபாய்தான். ஆனால் அதை 120 மாதம் கட்டும்போது வட்டி மட்டும் 3,71,500 ரூபாயைத் தாண்டுகிறது. இதனுடன் தனிநபர் கடனில் இல்லாத சில செலவுகளும் சேர்கின்றன. வீட்டுப் பத்திரங்களை வங்கியிடம் ஒப்படைப்பதற்கான ஆவணத்தை, அதாவது வங்கிகளில் எம்.ஓ.டி. என்று சொல்வதை, தமிழ்நாட்டில் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். முத்திரைத்தாள் கட்டணம் கடன் தொகையில் 0.5%, பதிவுக் கட்டணம் 1%. இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. 6 லட்சத்துக்கு இவை 3,000 ரூபாயும் 6,000 ரூபாயுமாக வரும். பரிசீலனைக் கட்டணம் 1% எனக் கொண்டால் ஜிஎஸ்டியோடு 7,080 ரூபாய். வழக்கறிஞர் கருத்துரைக்கும் மதிப்பீட்டாளருக்கும் சேர்த்து 8,000 ரூபாய், பத்திர எழுத்தர், வில்லங்கச் சான்று, நகல்கள் ஆகியவற்றுக்கு 3,000 ரூபாய், கடன் முடிந்த பின் ரசீது பத்திரம் பதிய 2,000 ரூபாய் என்று உத்தேசமாக வைத்திருக்கிறேன். இவை ஊருக்கும் வங்கிக்கும் ஏற்ப மாறும். எல்லாம் சேர்ந்து 29,080 ரூபாய். ஆக, பத்தாண்டு அடமானக் கடனின் மொத்தச் செலவு சுமார் 4,00,600 ரூபாய், அதாவது தனிநபர் கடனைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு.

அதே அடமானக் கடனை 48 மாதத்தில் அடைப்பதாக எடுத்தால் தவணை 15,362 ரூபாய், வட்டி சுமார் 1,37,400 ரூபாய். 29,080 ரூபாய் செலவையும் சேர்த்தால் 1,66,500 ரூபாய்தான். தனிநபர் கடனைவிட ஏறத்தாழ 34,700 ரூபாய் மிச்சம். அம்மாவின் வீட்டை அடமானம் வைப்பதற்குக் கிடைக்கும் நியாயமான பலன் இவ்வளவுதான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான்கு ஆண்டு ஒப்பந்தமே போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பைபாஸ் முடிந்த வீட்டில் மருந்து, மறுபரிசோதனை, சில மாதங்கள் குறையும் வருமானம் என்று எதிர்பாராத செலவுகள் வரும். 15,000 ரூபாய்த் தவணை எந்த மாதமும் தவறக் கூடாது என்ற கட்டாயம் அப்போது கழுத்தைப் பிடிக்கும். பத்தாண்டுக் காலத்தையே ஒப்புக்கொண்டு, முடிந்த மாதங்களில் எல்லாம் தனிநபர் கடனுக்குக் கட்டியிருக்கக்கூடிய 16,396 ரூபாயையே கட்டிவாருங்கள். கூடுதலாகக் கட்டும் 8,300 ரூபாய் அசலில் கழிந்துவந்தால், கடன் 45-ஆவது மாதத்தில் தீர்ந்துவிடும். வட்டி ஏறத்தாழ 1,26,400 ரூபாயில் நின்றுவிடும். செலவுகளோடு சேர்த்தால் 1,55,500 ரூபாய். நெருக்கடியான மாதத்தில் 8,096 ரூபாய் மட்டும் கட்டினாலும் நீங்கள் தவணை தவறியவர் ஆக மாட்டீர்கள்.

இந்த வழி பலிக்க இரண்டு விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். முதலாவது, கடன் மாறும் வட்டியில் இருக்க வேண்டும். கடனின் நோக்கம் மருத்துவச் செலவு என்று விண்ணப்பத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தனிநபர் ஒருவர் வணிகமல்லாத நோக்கத்துக்காக மாறும் வட்டியில் பெறும் கடனை முன்கூட்டி அடைக்கும்போது கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சொத்து அடமானக் கடன்களில் பெரும்பாலானவை வியாபாரத்துக்கு வாங்கப்படுவதால், விண்ணப்பத்தை நிரப்பும் ஊழியர் பழக்கத்தில் ‘தொழில் தேவை’ என்று எழுதிவிடுவதுண்டு. கையெழுத்திடும் முன் அந்த வரியைப் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது, கூடுதல் பணம் அசலில் கழிய வேண்டும். வெறுமனே கணக்கில் போட்டுவைத்தால், சில இடங்களில் அது அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாகக் காத்திருக்குமே தவிர அசல் குறையாது. ‘பகுதி முன்செலுத்தல், தவணைத் தொகை மாறாமல் காலத்தைக் குறைக்கவும்’ என்று எழுதிக் கொடுத்து, முதல் முறை கட்டிய பிறகு கடன் கணக்கு அறிக்கையில் நிலுவை அசல் அந்தத் தொகை அளவுக்கு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கவில்லை என்றால் அந்த மாதமே கேட்டுவிடுங்கள்.

சீட்டுப் பணத்தைக் கொண்டு ஓராண்டில் முடித்துவிடும் நிலை வந்தால் கணக்கு வேறு. நான்காண்டுத் தவணைப்படி 12 மாதம் கட்டிய பிறகு தனிநபர் கடனில் 4,79,700 ரூபாய் பாக்கி இருக்கும். அதுவரை கட்டிய வட்டி 76,500 ரூபாய். நிலையான வட்டியில் தரப்படும் தனிநபர் கடனை முன்கூட்டி முடிக்கப் பல வங்கிகள் கட்டணம் வாங்குகின்றன. 3% என்றால் ஜிஎஸ்டியோடு 17,000 ரூபாய். பரிசீலனைக் கட்டணத்தையும் சேர்த்து 1,07,600 ரூபாய் ஆகிறது. அடமானக் கடனில் இதே ஓராண்டுக்கு வட்டி 57,000 ரூபாய், இதர செலவு 29,080 ரூபாய், முடிப்புக் கட்டணம் இல்லை. மொத்தம் 86,100 ரூபாய். ஆனால் உங்கள் வங்கி முடிப்புக் கட்டணம் கேட்கவில்லை என்றால் தனிநபர் கடனின் செலவு 90,600 ரூபாயாக இறங்கிவிடும். வெறும் 4,500 ரூபாய்க்காக அம்மாவைப் பதிவு அலுவலகத்துக்கு அலையவிட்டு வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பது தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்பேன். ஆகவே சீட்டுப் பணம் உறுதியானதுதானா என்பதையும், தனிநபர் கடன் ஒப்பந்தத்தில் முடிப்புக் கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதம் வரை முடிக்கவே அனுமதி இல்லை என்பதையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

(தொகை சிறிதாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2 லட்சம் ரூபாயை மூன்றாண்டில் அடைப்பதென்றால், இதே வட்டி விகிதங்களில் தனிநபர் கடனுக்கு 50,800 ரூபாயும் அடமானக் கடனுக்கு 52,400 ரூபாயும் செலவாகும். வழக்கறிஞருக்கும் மதிப்பீட்டாளருக்கும் கொடுப்பது தொகை குறைந்ததற்காகக் குறைவதில்லை.)

இரண்டு வங்கிகளிடமும் ‘முக்கிய விவரங்கள் அறிக்கை’ கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்கான புதிய தவணைக் கடன்களுக்கு அதைத் தருவது கட்டாயம். கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டுச் சதவீதம் அதில் இருக்கும். இருந்தாலும் அந்த ஒரு சதவீதத்தை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுக்காதீர்கள். பத்தாண்டில் கட்டணங்கள் பரவிவிடுவதால் நீண்ட காலக் கடனின் சதவீதம் குறைவாகத்தான் தெரியும். பதிவு அலுவலகத்தில் நீங்கள் நேரில் கட்டும் பணம் அதில் வராமலும் போகலாம். மொத்தம் திருப்பிச் செலுத்தும் தொகை எவ்வளவு என்ற வரியைப் பாருங்கள். கடனோடு காப்பீட்டுப் பிரீமியம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதும் அங்கேயே தெரியும்.

அடுத்தது நேரம். தனிநபர் கடன் ஓரிரு நாளில் கைக்கு வந்துவிடும். அடமானக் கடனுக்கு, ஆவணங்கள் சரியாக இருந்தாலே இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருப்பது, தாய்ப் பத்திரத்தின் அசல் இல்லாதது, அம்மாவுக்குப் பூர்வீகமாக வந்த வீட்டில் உடன்பிறந்தவர்களின் விடுதலைப் பத்திரம் இல்லாதது, வரைபட அனுமதியில்லாத மாடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் வழக்கறிஞர் கருத்துரையிலேயே கோப்பு நின்றுவிடும். அதற்குக் கொடுத்த பணமும் திரும்ப வராது. எனவே பணம் கட்டும் முன் இந்த நான்கையும் நீங்களே சரிபார்த்துவிடுங்கள். வீடு அம்மா பெயரில் இருப்பதால் அவர் இணைக் கடனாளியாகச் சேர்ந்து, சார் பதிவாளர் முன் நேரில் கையெழுத்தும் கைரேகையும் வைக்க வேண்டியிருக்கும். வீடு அப்பா பெயரில் இருந்திருந்தால், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவரை வைத்து இந்த வழியில் போவது கடினமாக இருந்திருக்கும்.

அறுவை சிகிச்சை திடீரென்று முன்னதாகத் தேவைப்பட்டால், தனிநபர் கடன் வாங்கிப் பிறகு அடமானக் கடனுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு பரிசீலனைக் கட்டணங்களும் ஒரு முடிப்புக் கட்டணமும் சேர்ந்து மேலே கணக்கிட்ட மிச்சத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். வீட்டில் நகை இருந்தால் அந்த இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் நகைக்கடன் எடுத்து, அடமானக் கடன் வந்ததும் மீட்டுக்கொள்வது குறைந்த செலவில் முடியும்.

தவணை தொடர்ந்து 90 நாளுக்கு மேல் நின்றால் கடன் வாராக்கடன் ஆகிவிடும். அதன்பின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி 60 நாள் அறிவிப்பு கொடுத்து வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கையைத் தொடங்கலாம். தனிநபர் கடனில் இந்த அதிகாரம் வங்கிக்கு இல்லை. கடன் மதிப்பெண் கெடும், வழக்கு வரலாம். உங்கள் வேலை நிலையற்றது என்றால் 34,700 ரூபாயை விட்டுக்கொடுத்துத் தனிநபர் கடனையே எடுப்பேன். வேலை உறுதியானது, மருத்துவர் சொன்ன ஒரு மாதம் கையில் இருக்கிறது, பத்திரங்களிலும் குறையில்லை என்றால் அடமானக் கடனைப் பத்தாண்டுக்கு எடுத்து நான்கு ஆண்டுக்குள் அடைத்துவிடுங்கள். முழுவதும் கட்டிய 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். ரசீது பத்திரத்தையும் அப்போதே பதிந்து, வில்லங்கச் சான்றில் அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.