தடுப்பூசி ஃபிரிட்ஜில் டெம்பரேச்சர் மேப்பிங் எதுக்கு?

"டிஸ்ப்ளே 5 டிகிரி காட்டுதே, அப்புறம் எதுக்கு உள்ள பல இடத்துல வெப்பநிலையைப் பதிவு பண்ற லாகர் வச்சு மேப்பிங் பண்றாங்க?"

ஃபிரிட்ஜுக்குள்ள எந்த மூலை எவ்ளோ குளிருதுன்னு ஒரே நேரத்துல அளந்து பாக்குறதுதான் மேப்பிங். குளிர்ந்த காத்து கனமா இருக்குறதால கீழ இறங்கும், அதனால மேல மூடி திறக்குற, சுவருக்குள்ள ஐஸ் அடுக்கு இருக்குற ஐஎல்ஆர் ஃபிரிட்ஜ்ல அடிப்பகுதியும் சுவரோரமும்தான் ரொம்ப குளிரும். வீட்டு ஃபிரிட்ஜ்ல பின்சுவரை ஒட்டி வச்ச கீரை உறைஞ்சு போகுமே, அதே கதை.

மேல, நடு, கீழ, மூலைகள்னு லாகர் வைங்க, லாகரோட அளவெடுக்குற கம்பியான ப்ரோப் சுவரைத் தொடக்கூடாது, அதோட முனை கிளைகால்ங்கிற திரவம் இருக்குற பாட்டில்ல முங்கி இருந்தா நல்லது, ஏன்னா குப்பிக்குள்ள மருந்து மெதுவாத்தான் மாறும், வெறும் காத்துல வச்சா மூடி திறக்குறப்பல்லாம் கிராஃப் எகிறும். ஒரு முழு நாளாவது ஓடட்டும்.

ரிசல்ட்ல சராசரியை நம்பாதீங்க. உதாரணத்துக்கு நடுவுல 4.5, மேல 6, அடில ராத்திரி மட்டும் மைனஸ் 1 வந்தா, சராசரி அழகா தடுப்பூசிக்கு வேண்டிய 2-8 டிகிரிக்குள்ளதான் நிக்கும், ஆனா அடில இருக்குற ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் தடுப்பூசிங்க உறைஞ்சு கெட்டுடலாம்.

குளிர் கூடினா நல்லதுதானேன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, இந்த ஊசிகளுக்கு அது தப்பு, உறைஞ்சதை உருக வச்சாலும் வேலைக்கு ஆகாது.