40 வயதுக்கு முன்பே நின்ற மாதவிடாய்: சொந்தக் கருமுட்டையில் கர்ப்பமாக முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 33. எட்டு மாதமாக மாதவிடாய் வரவில்லை. ரத்தப் பரிசோதனையில் எஃப்.எஸ்.எச். 64, ஏ.எம்.எச். 0.05 என்று வந்தது. மாத்திரை சாப்பிட்டதும் ரத்தப்போக்கு வந்தது. அப்படியென்றால் சரியாகிவிட்டதா? குழந்தை வேண்டுமென்றால் கருமுட்டை தானம் ஒன்றுதான் வழி, தள்ளிப் போடாதீர்கள் என்கிறார்கள். என் முட்டையில் இனி வாய்ப்பே இல்லையா?

பதில்: வாய்ப்பு இருக்கிறது, ஆனால் குறைவு. உங்கள் நிலையில் உள்ள பெண்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்வரை எந்தச் சிகிச்சையும் இல்லாமல் சொந்தக் கருமுட்டையிலேயே கர்ப்பமாகிறார்கள். ஐம்பது வயதில் வரும் மாதவிடாய் நிறுத்தத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். அங்கே சினைப்பை ஓய்ந்துவிடுகிறது. இங்கே பல பெண்களுக்கு அது விட்டுவிட்டு வேலை செய்கிறது. சில மாதங்கள் உறங்கிக் கிடந்துவிட்டு, திடீரென்று ஒரு முட்டையை வளர்த்து வெளியிடும். எந்த மாதத்தில் அது நடக்கும் என்று சொல்ல இன்றைக்கு எந்தப் பரிசோதனையாலும் முடியாது.

முதலில் உங்கள் அறிக்கையைப் பார்ப்போம். எஃப்.எஸ்.எச். என்பது முட்டையை வளர்க்கச் சொல்லி மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன். சினைப்பை பதில் தராவிட்டால் அதன் அளவு ஏறிக்கொண்டே போகும். நான்கு மாதங்களுக்கு மேல் மாதவிடாய் தவறி, இந்த அளவு 25-ஐத் தாண்டினால் சினைப்பைச் செயல்குறைவு என்கிறோம். உங்களுடைய 64-ம், முட்டைகளின் இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ஹார்மோன் மிகக் குறைந்திருப்பதும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. ஆனால் அந்த ரத்தம் எடுத்தபோது நீங்கள் ஹார்மோன் மாத்திரை எதுவும் சாப்பிடாமல் இருந்தீர்களா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். மாத்திரை எஃப்.எஸ்.எச். அளவைக் குறைத்துக் காட்டும். பிறகு எடுக்கும் பரிசோதனையில் 64 என்பது 18 ஆக வந்தால், குணமாகிவிட்டது என்று நம்பி ஏமாற நேரிடும். மாத்திரையே சாப்பிடாத நிலையிலும் இந்த எண் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். ஆகவே ஒருமுறை இறங்கியதை வைத்து முட்டைகள் கூடிவிட்டன என்று கொள்ள முடியாது.

மாத்திரைக்குப் பின் வந்த ரத்தப்போக்குக்கும் குணமாவதற்கும் தொடர்பில்லை. கருப்பையின் உள்சவ்வு மாத்திரையின் ஹார்மோனால் வளர்ந்து, அதை நிறுத்தியதும் உதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கொடுத்தது எந்த மாத்திரை என்று மட்டும் பாருங்கள். அது புரோஜெஸ்டிரோன் மட்டுமே உள்ளதாக இருந்தால், உங்கள் உடலில் ஈஸ்ட்ரோஜன் இன்னும் ஓரளவு சுரக்கிறது என்று அர்த்தம். முட்டை வெளிவருகிறது என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

இனி, அந்த வாய்ப்பைக் கூட்ட முடியுமா என்பது. உங்களுக்கு ஏமாற்றமாக இருந்தாலும் நேராகச் சொல்வதே நியாயம்: கர்ப்ப வாய்ப்பைக் கூட்டும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. முட்டையைத் தூண்டப் போடும் ஊசிகளில் இருப்பதும் எஃப்.எஸ்.எச். தான். அது ஏற்கெனவே உங்கள் ரத்தத்தில் அளவுக்கு மேல் இருக்கிறது. அதையே இன்னும் ஏற்றுவதால் சினைப்பை பதில் தந்துவிடாது. அதனால்தான் சொந்த முட்டையில் செய்யும் ஐ.வி.எஃப். பெரும்பாலும் முட்டை கிடைக்காமலே பாதியில் நிற்கிறது. ரத்தத் தட்டணுக்களைப் பிரித்துச் சினைப்பைக்குள் செலுத்துவது, ஸ்டெம் செல் ஊசி ஆகியவை இன்னும் ஆய்வு நிலையில் உள்ளவை. அவற்றுக்குப் பிறகு கர்ப்பமானவர்கள் உண்டு என்பார்கள். எதுவும் செய்யாமலே சிலர் கர்ப்பமாகும் நோயில், அதை ஊசியின் பலன் என்று கணக்கெழுத முடியாது. அவற்றுக்காகச் சேமிப்பைக் கரைக்க வேண்டாம்.

ஆனால் இருக்கும் வாய்ப்பைத் தடுக்காமல் இருக்க முடியும். இதில்தான் அடிக்கடி தவறு நடக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைவால் எலும்பு தேயும், இதயநோய் ஆபத்து கூடும் என்பதால், குழந்தை வேண்டுமோ வேண்டாமோ, இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதான ஐம்பதுவரை உங்களுக்கு ஹார்மோன் ஈடு தேவை. ‘மாதவிடாயை ஒழுங்குபடுத்த’ என்று சிலருக்குக் கருத்தடை மாத்திரையையே கொடுத்துவிடுகிறார்கள். எப்போதாவது வெளிவரக்கூடிய அந்த ஒரு முட்டையையும் அது தடுத்துவிடும். குழந்தை விரும்புகிறவருக்கு ஏற்றது இயற்கை ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ராடையால். வழக்கமாகத் தினம் 2 மி.கி. மாத்திரை, அல்லது 100 மைக்ரோகிராம் தோல் பட்டை. அதனுடன் மாதத்தில் 12 நாட்கள் இரவில் 200 மி.கி. இயற்கைப் புரோஜெஸ்டிரோன். இந்த அளவு முட்டை வெளிவருவதைத் தடுப்பதில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு இது கூடாது. மற்றபடி, உங்கள் வயதில் உடல் இயல்பாகச் சுரந்திருக்க வேண்டியதைத்தான் திருப்பித் தருகிறோம். ஐம்பதைக் கடந்தவர்கள் ஹார்மோன் எடுப்பது பற்றிய அச்சங்களை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த மருந்தில் இருக்கும்போது புரோஜெஸ்டிரோனை நிறுத்திய சில நாட்களில் ரத்தப்போக்கு வரும். ஒரு மாதம் வராவிட்டால், ‘நமக்குத்தான் இப்படித் தவறுமே’ என்று விடாமல் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பம் என்று தெரிந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். முட்டை வெளிவரும் நாளைக் காட்டும் சிறுநீர்ப் பட்டைகள் உங்களுக்கு உதவாது. அவை தேடும் எல்.எச். ஹார்மோன் உங்களுக்கு எப்போதுமே உயர்ந்திருக்கக்கூடும் என்பதால், தினமும் ‘இன்றுதான்’ என்று பொய்யாகக் காட்டலாம். நாள் குறிக்காமல் இரண்டு, மூன்று நாட்களுக்கு ஒருமுறை சேர்வதே போதும். கணவரின் விந்தணுப் பரிசோதனையை மட்டும் இப்போதே முடித்துவிடுங்கள்.

தானக் கருமுட்டையைத் தள்ளிப் போடாதீர்கள் என்ற அறிவுரையில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே வெற்றியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முட்டை தருபவரின் வயது. நீங்கள் 33-லிருந்து 35-க்குப் போவதால் அந்த வாய்ப்பு பெரிதாகக் குறையாது. எனவே ஓரிரு ஆண்டுகள் ஹார்மோன் ஈட்டுடன் இயற்கையாக முயன்று பார்க்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. பிறகு தானக் கருமுட்டைக்குப் போனாலும், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் கொடுத்துக் கருப்பையின் உள்சவ்வைத் தயார்செய்து கருவை வைக்கலாம்.

எந்த வழியாக இருந்தாலும், முயலத் தொடங்கும் முன் நான்கு பரிசோதனைகளைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, குரோமோசோம் பரிசோதனை. எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று இல்லாத அல்லது குறைபட்ட டர்னர் வகைக் குறை இருந்தால் கர்ப்பத்தில் இதயத்தின் மகாதமனி கிழியும் ஆபத்து உண்டு; இதயப் பரிசோதனை முடியாமல் கர்ப்பத்தை நினைக்கவே கூடாது. இரண்டாவது, எஃப்.எம்.ஆர்.1 மரபணுப் பரிசோதனை. இதில் மாற்றம் இருந்தால், சொந்த முட்டையில் பிறக்கும் குழந்தைக்கு அறிவுவளர்ச்சிக் குறைபாடு வரக்கூடும் என்பதால் மரபியல் ஆலோசனை தேவை. தைராய்டும், அட்ரீனல் சுரப்பிக்கு எதிரான எதிரணுக்களும் மற்ற இரண்டு. உடலே தன் சுரப்பிகளைத் தாக்குவதால் சிலருக்குச் சினைப்பை பழுதாகிறது; அப்படிப்பட்டவருக்கு அட்ரீனல் பழுதும் சேர்ந்திருந்து, அது கண்டுபிடிக்கப்படாமல் போனால் பிரசவ வேளையில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

எஃப்.எம்.ஆர்.1 மாற்றம் உறுதியானால் உங்கள் தங்கைக்கோ அக்காவுக்கோ அதைச் சொல்லுங்கள். அவர்களுக்கும் அந்த மாற்றம் இருந்து, மாதவிடாய் இன்னும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தால், கருமுட்டைகளை எடுத்து உறைநிலையில் சேமிக்க அவர்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.