அறுநூத்தம்பது ரூபாய்ச் சேலையும் நாற்பது விநாடி வீடியோவும்

கேள்வி: திருவாரூர் மாவட்டத்துல சின்ன ஜவுளிக்கடை வச்சிருக்கேன். தீபாவளி ஆஃபருக்கு விலை, கடை இருக்கற இடம் எல்லாம் சொல்லி ஒரு வீடியோ போடணும். ஸ்டுடியோ கிடையாது, போன் மட்டும்தான். என்ன பேசறது, எப்படி எடுக்கறது?

மன்னார்குடியில் என் மாமா வைத்திருக்கும் கடைக்கு மூன்று தீபாவளியாக நான்தான் வீடியோ எடுக்கிறேன். முதல் வருஷம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம், அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்த வீடியோவில் மாமா "சேலை அறுநூத்தம்பது ரூபாயிலேருந்து" என்று சொல்லும்போது கையில் இருந்தது 1,150 ரூபாய்ச் சேலை. பார்க்க அழகாக இருக்கிறதே என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் வடுவூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். போனில் அந்த இடத்தில் நிறுத்தி வைத்திருந்தார். "இதுதான் வேணும், அறுநூத்தம்பதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" மாமா ஒன்றும் பேசாமல் அந்த விலைக்கே கட்டிக் கொடுத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு வீடியோவை நீக்கச் சொன்னார். நீக்கி என்ன பயன், அதற்குள் அது நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போயிருந்தது.

அதிலிருந்து எங்கள் கணக்கு ஒன்றுதான். வாடிக்கையாளர் வீடியோவைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கல்லாவுக்கு வருவார். எந்த இடத்தில் நிறுத்தினாலும் திரையில் தெரியும் துணியும் விலையும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். விலையில் "ரூபாயிலேருந்து" என்ற சொல்லையே விட்டுவிட்டோம். கையில் எது இருக்கிறதோ அதன் விலைதான் பேச்சில் வரும்.

போன தீபாவளிக்கு எடுத்ததை அப்படியே தருகிறேன். பொருளையும் விலையையும் உங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

(கடை வாசல். மாமா கையில் சேலை, அதில் விலை அட்டை.)
"இந்தச் சேலை அறுநூத்தம்பது ரூபா. முந்தானை இப்படி வரும். ப்ளவுஸ் துணி உள்ளயே இருக்கு."

(மேஜைமேல் வேட்டி சட்டை, அட்டையோடு.)
"அப்பாவுக்கு வேட்டி சட்டை செட்டு, எழுநூத்தம்பது. முப்பத்தெட்டுலேருந்து நாப்பத்திநாலு வரைக்கும் சைஸ் இருக்கு."

(பாவாடை சட்டை, அட்டையோடு.)
"பாப்பாவுக்குப் பாவாடை சட்டை முந்நூத்தி எம்பது. இது அஞ்சு வயசு வரைக்கும். பெரிய பிள்ளைக்கு விலை கொஞ்சம் கூடும்."

(மூன்றும் சேர்ந்து.)
"மூணு பேருக்கும் சேத்து ஆயிரத்து எழுநூத்தி எம்பது. பில்லுலயும் இதேதான், மேல எதுவும் கிடையாது."

(பந்தலடியிலிருந்து கடை வரை நடை.)
"மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுல இறங்கி பந்தலடிக்கு வாங்க. பச்சை போர்டு மருந்துக்கடைய ஒட்டின சந்து, உள்ள மூணாவது கடை. தீபாவளிக்கு முத நாள் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் திறந்திருக்கும்."

நிதானமாகப் பேசினால் நாற்பது விநாடிக்குள் அடங்கும். வணக்கம், நண்பர்களே, உங்கள் அபிமான நிறுவனம் எதுவும் இல்லை. அது முடிவதற்குள் பார்ப்பவர் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடுவார். பொருள் மூன்றே மூன்று. மாமா பதினொன்று சொல்ல நினைத்தார், கேட்ட பிறகு அவருக்கே எதன் விலை எது என்று நினைவில்லை. ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கூட்டிச் சொல்லிவிட்டதால், குறுவை நெல்லுப் பணம் கைக்கு வந்ததும் தீபாவளிச் செலவைக் கணக்குப் போடும் வீட்டுக்கு அது நேராகப் போய்ச் சேர்ந்தது.

விலையை 399, 699 என்று வைக்க ஆசை வரும். எழுத்தில் அது எடுபடும். வாயால் "முந்நூத்தித் தொண்ணூத்தி ஒம்பது" என்று சொல்லிப் பாருங்கள், இரண்டு விநாடி அதற்கே போய்விடும், காதிலும் நிற்காது. பேசும் வீடியோவுக்கு முந்நூத்தி எம்பது, அறுநூத்தம்பது மாதிரி வாயில் உருளும் விலைதான் சரி.

விலையை எடிட்டிங்கில் எழுத்தாகப் போடுவதை நான் நம்புவதில்லை. ஒரு முறை அடியில் போட்டேன். ரீல்ஸில் கணக்கின் பெயரும் நாம் எழுதும் வரியும் அதே இடத்தில் வந்து மறைத்துவிட்டன. கீழே எல்லோரும் "விலை என்ன?" என்றே கேட்டிருந்தார்கள். இப்போது வெள்ளை அட்டையில் தடித்த மார்க்கரால் எழுதி, துணி க்ளிப்பால் சேலையிலேயே மாட்டிவிடுகிறேன். படத்தின் நடுவில், நெஞ்சளவில் இருக்கும். யார் வெட்டினாலும் ஒட்டினாலும் விலை பொருளோடேயே போகும்.

வெளிச்சத்துக்கு வாசல்படி போதும். பேசுபவர் உள்ளே நின்று தெருவைப் பார்க்க வேண்டும், போன் தெருப்பக்கம். காலை ஏழரைக்கு மேல், வெயில் நேராக முகத்தில் விழாத நேரம் பாருங்கள். டியூப் லைட்டில் எடுத்தால் மெரூன் சேலை வேறு நிறமாகத் தெரியும், சில போனில் படத்தில் கோடு கோடாக ஓடும். வெள்ளை வேட்டி சட்டையில் நின்றால் போன் தானாகவே படத்தை மங்கலாக்கி முகத்தைக் கறுப்பாக்கிவிடும். திரையில் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் வெளிச்சம் அங்கேயே பூட்டிக்கொள்ளும்.

சத்தத்தில் ஜவுளிக்கடைக்காரருக்கு ஒரு கொடுப்பினை. சுற்றிலும் துணி அடுக்கியிருப்பதால் எதிரொலியே வராது. பாத்திரக்கடையில் இதே வேலை பெரும் பாடு. மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒயர் வைத்த இயர்போனின் மைக்கைச் சட்டையின் இரண்டாவது பொத்தான் அருகே மாட்டினால் போதும். மாமா கஞ்சி போட்ட சட்டையில் வந்து நின்றார், அசையும்போதெல்லாம் மொறமொறவென்று கேட்டது. துவைத்த பழைய சட்டையை மாற்றிவந்த பிறகுதான் எடுத்தோம். பின்னணியில் பாட்டு வேண்டாம், விலை காதில் விழாது. நடந்து வரும் காட்சியில் பஸ் ஹாரன் தப்பாது. அதனால் அந்தப் பேச்சை மட்டும் கடைக்குள் தனியாகப் பதிந்து மேலே ஒட்டினேன்.

கையிருப்பை எண்ணிவிட்டுப் பேசுங்கள். அந்தச் சேலை எங்களிடம் நாற்பதுதான் இருந்தது. முப்பது போனதுமே ஸ்டேட்டஸில் "கலர் குறைவா இருக்கு" என்று போட்டோம். 2022ல் மத்திய அரசு கொண்டுவந்த விளம்பர வழிகாட்டு நெறிகளும், போதிய சரக்கு இல்லாமல் குறைந்த விலையைக் காட்டி ஆளை இழுப்பதைத் தூண்டில் விளம்பரம் என்று தனியாகவே குறிப்பிடுகின்றன.

இடம் சொல்வதுதான் எங்களுக்குக் கடைசிவரை இழுத்தடித்தது. முதலில் ராஜவீதி என்று சொன்னோம். கோயிலைச் சுற்றி நாலு பக்கமும் ராஜவீதிதான், வெளியூர்க்காரர் எந்தப் பக்கம் என்று தேடுவார்? மேப் லிங்க் கீழே போட்டோம். வீடியோவை மட்டும் அனுப்பும்போது லிங்க் கூடப் போவதில்லை. அதனால் வழி படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். நடைக்காட்சியை மட்டும் பத்து நாள் முன்னாலேயே எடுத்து வைத்துவிடுங்கள், ஐப்பசி மழை பிடித்தால் கடைத்தெருவில் குடைதான் தெரியும்.

வெளியிடும் முன் பரவாக்கோட்டையில் இருக்கும் அத்தைக்கு அனுப்பினேன். "எல்லாம் புரியுதுடா, அந்த மருந்துக்கடை ரோட்டுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். மறுநாள் காலையில் போய், பந்தலடியிலிருந்து இடது கைப் பக்கமாகத் திரும்புவது தெரியும்படி அந்தக் காட்சியை மறுபடி எடுத்தேன்.