மூன்று வாக்கியத்தில் உங்களைச் சொல்லி மெயில் போடுவது எப்படி? கேள்வி பதில்

கல்லூரி இறுதியாண்டு மாணவர்: அக்கா, ஒரு ஸ்டார்ட்அப் நிறுவனர் "உங்களைப் பத்தி மூணு வாக்கியம் எழுதி மெயில் போடுங்க"ன்னு பதிவு போட்டிருக்கார். எதைச் சொல்றது, எதை விடுறது?

பதில்: வந்து குவிந்த மெயில்களில் யாரைக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேசலாம் என்று பார்க்கத்தான் அவர் இதைக் கேட்கிறார். அதற்குப் போதுமானதைச் சொன்னால் போதும். முதல் வாக்கியத்தில் நீங்கள் யார், எந்த வேலைக்கு எழுதுகிறீர்கள். இரண்டாவதில், அந்த வேலைக்கு நெருக்கமான ஏதாவது ஒன்றை நீங்கள் செய்து முடித்த கதை. மூன்றாவதில் எப்போது சேர முடியும், எப்போது பேசலாம். முதலும் கடைசியும் சின்னதாக இருக்கட்டும், கனம் எல்லாம் நடுவில்தான்.

வேலை அனுபவம் இல்லை என்பதற்காக "கற்றுக்கொள்ளும் ஆர்வம் உள்ளவன்" என்று எழுதாதீர்கள். ப்ராஜெக்ட்டில் உங்கள் கையால் செய்த பகுதியைச் சொல்லுங்கள். நாலு பேர் சேர்ந்து செய்ததில் லாகின் பக்கம் மட்டும்தான் உங்களுடையது என்றால், லாகின் பக்கம் என்றே எழுதுங்கள். பேசும்போது அதைத்தான் தோண்டுவார்கள்.

சப்போர்ட் வேலையில் இருப்பவர்: மேடம், கிளினிக்குகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்யற சின்ன கம்பெனி. "புது வாடிக்கையாளர்களுக்குப் பழக்கிவிட ஆள் வேணும், இப்போ நானே பண்ணிட்டிருக்கேன், வேற எதுவும் ஓடலை"ன்னு நிறுவனர் எழுதியிருக்கார். நான் எழுதி வெச்சது இது: "வணக்கம், நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். வாடிக்கையாளர் சேவைத் துறையில் மூன்று ஆண்டு அனுபவமும் சிறந்த தகவல் தொடர்புத் திறனும் கொண்டவன் நான். உங்கள் நிறுவனத்தின் வளர்ச்சியில் பங்களிக்க வாய்ப்பை எதிர்நோக்குகிறேன்."

பதில்: இதே மெயிலை ஒரு வங்கிக்கும் அனுப்பலாம், விமான நிறுவனத்துக்கும் அனுப்பலாம். அதுதான் கோளாறு. அதோடு, இன்பாக்ஸில் சப்ஜெக்ட்டை ஒட்டி மெயிலின் முதல் சில சொற்கள் தெரியும். அந்த இடத்தை நலம் விசாரிப்பு தின்றுவிட்டது.

பதிவை இன்னொரு முறை படியுங்கள். அவருக்கு என்ன வலிக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார். இந்த மூன்று வருடத்தில் ஒரு புது வாடிக்கையாளரை நீங்கள் முதலிலிருந்து பழக்கிவிட்டதுண்டா?

அவரே மீண்டும்: அது நிறைய மேடம். எங்களுது கடைகளுக்கான ஸ்டாக் மென்பொருள். புதுசா வர்ற கடைக்காரங்களுக்கு முதல் வாரம் நான்தான் போன்ல சொல்லித் தருவேன். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்துச்சுன்னு அஞ்சு நிமிஷ வீடியோ எடுத்து அனுப்ப ஆரம்பிச்சேன், அப்புறம் அந்த கால் குறைஞ்சுது. இதெல்லாம் பெரிய விஷயமா தோணலை.

பதில்: அதுதான் உங்கள் மெயில். இங்கே தமிழில் எழுதிக் காட்டுகிறேன், நீங்கள் அவருடைய பதிவு எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில் அனுப்புங்கள்.

"வணக்கம். கடைகளுக்கான ஸ்டாக் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் மூன்று ஆண்டுகளாக சப்போர்ட்டில் இருக்கிறேன், உங்கள் பதிவில் உள்ள வாடிக்கையாளர் பயிற்சி வேலைக்காக எழுதுகிறேன். புதிதாகச் சேரும் கடைக்காரர்களுக்கு முதல் வாரம் போனில் பழக்கிவிடுவது என் வேலை, அவர்கள் அடிக்கடி கேட்ட ஒரு கேள்விக்கு ஐந்து நிமிட வீடியோ செய்து அனுப்பத் தொடங்கியபின் அதற்கான அழைப்புகள் குறைந்தன. என் நோட்டீஸ் பீரியட் 30 நாள், இந்த வாரம் மாலை 6 மணிக்கு மேல் எந்த நாளும் பேசலாம்."

நோட்டீஸ் நாளை உங்களுடையதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். 'குறைந்தன' என்று மட்டும் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் நீங்கள் எண்ணிப் பார்த்ததாகச் சொல்லவில்லை. "40 சதவீதம் குறைந்தது" என்று போட்டால் "எப்படிக் கணக்குப் பார்த்தீங்க?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். உண்மையில் எண்ணியிருந்தால் தாராளமாகப் போடுங்கள்.

அந்த வீடியோவின் லிங்க்கைக் கொடுக்காதீர்கள். அது இப்போதைய நிறுவனத்தின் சொத்து, திரையில் வாடிக்கையாளர் பெயர்களும் இருக்கக்கூடும். அலுவலக மெயிலிலிருந்தும் அனுப்ப வேண்டாம். சப்ஜெக்ட் எப்படி இருக்க வேண்டும் என்று பதிவில் சொல்லியிருந்தால் எழுத்துப் பிசகாமல் அதையே போடுங்கள். இல்லையென்றால் "வாடிக்கையாளர் பயிற்சி வேலை: மூன்று ஆண்டு சப்போர்ட் அனுபவம்" என்பது போதும்.

டிசைனர் ஒருவர்: மூணு வாக்கியம்னுதான் சொன்னாங்க, நீளம் சொல்லலையே! நான் கமா போட்டு எல்லாத்தையும் அடக்கிடுவேன். ரெஸ்யூமும் சேர்த்துடுவேன், எதுக்கும் இருக்கட்டும்னு.

பதில்: யாரும் முற்றுப்புள்ளியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்ற அளவில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் மூச்சு வாங்காமல் ஓடும் வாக்கியத்தில் எது உங்கள் பலம் என்று தேடவும் மாட்டார்கள். மெயிலை உங்களுக்கே அனுப்பி போனில் திறந்து பாருங்கள். நகர்த்தாமல் ஒரே திரையில் முழுதும் தெரிந்தால் சரியான அளவு.

ரெஸ்யூம் பற்றிப் பதிவில் பேச்சே இல்லையென்றால் ஒரு பிடிஎஃப் சேர்ப்பதில் தப்பில்லை. "ரெஸ்யூம் வேண்டாம்" என்று சொல்லியும் சேர்த்தால், சொன்னதைக் கேட்காத ஆள் என்று ஆகிவிடும். சின்ன நிறுவனத்தில் அது பெரிய குறை.

இன்னொருவர்: இன்டர்வியூல "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்"னு கேட்டா இந்த மூணையே ஒப்பிக்கலாமா?

பதில்: அது வேறு சங்கதி. ஆனால் அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசத் தயாராகப் போங்கள், நிச்சயம் கேட்பார்கள்.

முன்பு நிறுவனம் நடத்தியவர்: நானும் ஆள் எடுத்திருக்கேன். முதல்ல லிங்க்கைத்தான் தட்டுவேன், வாக்கியமெல்லாம் அப்புறம். அதோட, மூணாவது வாக்கியத்துல நோட்டீஸ் பீரியட் எதுக்கு? "ஏன் எங்க கம்பெனி"ன்னு சொல்லாத ஆளை நான் கூப்பிட்டதே இல்லை.

பதில்: டிசைன், கோடிங், எழுத்து போன்ற வேலைகளுக்கு லிங்க் முதலில் என்பது உண்மைதான். அதனால் அனுப்பும் முன் இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்து பார்த்துவிட வேண்டும். கூகுள் டிரைவில் நமக்குத் திறக்கும், அவருக்கு "அனுமதி கேளுங்கள்" என்று நிற்கும். பிஸியான ஆள் அனுமதி கேட்டுக் காத்திருக்க மாட்டார். ஐந்து லிங்க் கொடுக்காமல் ஒன்றே கொடுங்கள்.

'ஏன் உங்கள் கம்பெனி' விஷயத்தில் நான் முழுசாக ஒத்துப்போகவில்லை. அவர்களுடைய மென்பொருளை உண்மையிலேயே பயன்படுத்திப் பார்த்தவர், அதில் கவனித்த ஒரு விஷயத்தைச் சொன்னால் எனக்கும் பிடிக்கும். மற்றவர்கள் எழுதுவது பெரும்பாலும் "உங்கள் தொலைநோக்கு என்னைக் கவர்ந்தது" என்ற ரகம்தான். அதற்குத் தேதியே மேல். நீங்கள் வேறு மாதிரி மெயில்களைப் பார்த்திருக்கலாம்.

ஒரு வாசகி: குழந்தைக்காக ரெண்டு வருஷம் வேலையை விட்டிருந்தேன். மூணு வாக்கியத்துல அதுக்கும் இடம் ஒதுக்கணுமா?

பதில்: வேண்டாம். பழைய வேலையை 'செய்கிறேன்' என்று எழுதாமல் 'செய்தேன்' என்று எழுதினால் போதும், மூன்றாவது வாக்கியத்தில் "உடனே சேரலாம்" என்று போடுங்கள். இடைவெளியைப் பற்றிக் கேட்டால் பேச்சில் சொல்லிக்கொள்ளலாம்.

கல்லூரி மாணவரே மீண்டும்: வேற ஒருத்தருக்கு அனுப்பி நாலு நாள் ஆச்சுக்கா, பதிலே இல்ல. திரும்ப அனுப்பட்டா?

பதில்: முதலில் முகவரி சரியா, மெயில் திரும்பி வந்திருக்கிறதா என்று பார். ஒரு வாரம் ஆனதும் அதே மெயிலுக்கு ரிப்ளையாக ஒரே ஒரு வாக்கியம் போடு. அதற்குள் ப்ராஜெக்ட்டில் புதிதாக ஏதாவது முடித்திருந்தால் அந்த வாக்கியம் அதைப் பற்றி இருக்கட்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடு. மூன்றாவது முறை அனுப்பி வேலை வாங்கியவர்களும் இருக்கிறார்கள் என்பார்கள், நான் அனுப்பச் சொல்ல மாட்டேன்.